மூன்றாவது கட்டத்துக் கையெழுத்து

போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் ஏசி, ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் நான் அப்ரண்டிஸாகச் சேர்ந்தபோது என் தலையில் நரை எட்டிப்பார்க்க ஆரம்பித்திருந்தது. அதற்கு முன்பே பல வருடங்கள், கப்பலில் போக வேண்டிய பக்கத்துத் தீவான ஹட் பேயிலும் போர்ட் பிளேரிலும் ஃபிரிட்ஜ்களைத் திறந்து மூடியவன் நான். கடற்கரை ஓட்டல்காரர்கள், மீன் வியாபாரிகள், பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று எல்லோருக்கும் என் போன் நம்பர் மனப்பாடம். ஆனால் சர்க்கார் வேலைக்கு விண்ணப்பிக்கப் போனால் போன் நம்பரை யார் கேட்கிறார்கள்? சான்றிதழ் எங்கே என்கிறார்கள். ஐடிஐ முடித்த கையோடு அப்ரண்டிஸ் போகாமல் சம்பாதிக்கக் கிளம்பியதன் பலன், இரண்டு முறை விண்ணப்பம் திரும்பி வந்தது. மூன்றாவது முறை அதே துறையில் குளிர்சாதன மெக்கானிக் வேலைக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. அதோடு என் வயது வரம்பும் முடிகிறது. அதற்குள் அப்ரண்டிஸ் காலத்தை முடித்து, தேர்வு எழுதி, சான்றிதழை வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஜென்மத்துக்குச் சர்க்கார் வேலை கிடையாது.

அந்த ஒர்க்‌ஷாப்பில் என் லாக் புக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் பெற்ற சூப்பர்வைசர் ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது சிறியவர். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து குட்வில் எஸ்டேட்டில் குடியேறிய குடும்பம். இங்கேயே பிறந்து வளர்ந்ததால் அவர் பேசும் தமிழில் பாதி இந்தி. வயதில் பெரியவன் என்பதால் என்னை அண்ணா என்பார். பதவியில் பெரியவர் என்பதால் நான் அவரை மேடம் என்பேன். முதல் சில வாரங்கள் அந்த மேடம் என் வாயிலிருந்து வேப்பங்காய் மென்ற மாதிரித்தான் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். நேற்று வந்த பெண் என் வேலைக்கு மார்க் போடுவதா என்று உள்ளே பொருமிக்கொண்டிருந்தேன்.

லாக் புக் பார்ப்பதற்கு ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது. முன்பாதியில் தினசரிப் பக்கங்கள். தேதி, செய்த வேலை, பயன்படுத்திய கருவிகள், கற்றுக்கொண்டது என்ன, கீழே சூப்பர்வைசர் கையெழுத்து. பின்பாதியில் திறன் பட்டியல். செம்புக் குழாயை வளைத்தல், பற்றவைத்தல், கசிவு சோதித்தல், வேக்யூம் எடுத்தல், கேஸ் ஏற்றுதல் என்று வரிவரியாகப் போகும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கட்டங்கள். முதல் கட்டம் பார்த்தேன், இரண்டாவது உதவினேன், மூன்றாவது தனியாகச் செய்தேன். மூன்றாவது கட்டத்தில் எல்லா வரிக்கும் கையெழுத்து விழுந்தால்தான் நிறுவனம் அரசாங்கப் போர்ட்டலில் பயிற்சி முடிந்தது என்று ஏற்றும். ஏற்றினால்தான் தேர்வு.

ஊர் உலகத்தில் இந்தப் புத்தகத்தை எப்படி நிரப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். கடைசி மாதம் போன வருடத்துப் பையனின் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதுவார்கள். சூப்பர்வைசர் டீ குடித்துக்கொண்டே பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார். நானும் அந்த நினைப்பில்தான் முதல் வாரத்துப் பக்கங்களைச் சனிக்கிழமை சாயங்காலம் ஒரே மூச்சில், ஒரே பேனாவில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். மேடம் நிதானமாகப் படித்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"அண்ணா, வியாழக்கிழமை பூரா தின் கரண்ட் இல்ல. அன்னிக்கு வேக்யூம் பம்ப் ஓட்டுனதா எழுதியிருக்கீங்க. கையால சுத்துனீங்களா?"

பக்கத்தில் நின்ற தெலுங்குக்காரப் பையன் ஒருவன் சிரித்துவிட்டான். எனக்குக் காது வரை சூடேறியது. மேடம் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி என்னிடமே கொடுத்தார். "நடந்தத மட்டும் எழுதுங்க. ஒண்ணும் நடக்கலன்னா ஒண்ணும் நடக்கலன்னு எழுதுங்க. அதுக்கும் நான் சைன் போடுவேன்" என்றார். திங்கட்கிழமையிலிருந்து அன்றைய பக்கத்தை அன்றே எழுதினேன். கோபத்தில் எழுதியதால் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். அதற்கு அவர் ஒன்றும் சொன்னதில்லை.

திறன் பட்டியலில் அவர் கையெழுத்துப் போடும் விதம் இன்னும் விசேஷம். நான் ஒரு வேலையைத் தனியாகச் செய்யும்போது மேடம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நடுவில் ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் ஸ்பானரைத் தவறவிட்டால்கூடக் குனிந்து எடுத்துத் தர மாட்டார். பெரிய எரிச்சலாக இருக்கும். வேலை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். ஏன் இந்தக் குழாயை இந்தப் பக்கம் சரித்தீர்கள், ஏன் இவ்வளவு நேரம் பம்பை ஓட விட்டீர்கள், இப்படி ஏதாவது. பதில் சரியாக இருந்தால் அந்த இடத்திலேயே, கம்ப்ரஸர் மேலேயே புத்தகத்தை விரித்துக் கையெழுத்துப் போடுவார். சரியில்லாவிட்டால், "இன்னொரு நாள் பார்க்கலாம் அண்ணா" என்று போய்விடுவார். ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து அவர் ஒருமுறைகூட அந்தக் கட்டங்களில் பேனாவை வைத்ததில்லை.

எனக்குத் தெரிந்த வேலைகளில்கூடப் பல ஓட்டைகள் இருக்கின்றன என்பதை அந்த ஒற்றைக் கேள்விகள்தான் காட்டிக்கொடுத்தன. கை பழகியிருந்தது, காரணம் தெரியவில்லை. இதை அப்போது நான் வெளியே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவர் கேட்கப்போகும் கேள்வியை முந்திய நாளே யோசித்து வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தேன்.

பட்டியல் மெல்ல மெல்ல நிறைந்தது. கடைசியில் ஒரு வரி மட்டும் பாக்கி. நைட்ரஜன் கேஸால் அழுத்தச் சோதனை. புதிதாகப் போட்ட குழாய்களில் நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றி, ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, மீட்டரின் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்காவிட்டால் கசிவு இல்லை. மெயின்லேண்டில் இது தினப்படி வேலை. எங்கள் தீவில் நைட்ரஜன் சிலிண்டர் சென்னையிலிருந்து சரக்குக் கப்பலில் வர வேண்டும். அதனால் இங்கே பல ஒர்க்‌ஷாப்களில் ஃபிரிட்ஜ் கேஸையே கொஞ்சம் ஏற்றி, சோப்பு நுரை போட்டுப் பார்த்து, சரி போ என்று விட்டுவிடுவார்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

எங்கள் சிலிண்டர் காலியாகி வெகு நாளாகியிருந்தது. புதிய சிலிண்டர் வரும் என்ற கப்பல் சென்னையிலேயே பழுதாகி நின்றது. அடுத்தது எப்போது என்று கேட்டால் ஏஜென்ட் ஆபீஸில் கையை விரித்தார்கள். போர்ட்டலில் ஏற்றுவதற்கான கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் முதலாளி திருநெல்வேலிக்காரர். கான்ட்ராக்ட் எடுத்து இங்கே கால் ஊன்றிய மனிதர், கெட்டவர் இல்லை. எதையும் இழுத்தடிக்கப் பிடிக்காது, அவ்வளவுதான். ஒரு மத்தியானம் என்னிடம் வந்து, "ஏல, பத்தவைக்கிற ஆக்ஸிஜன் சிலிண்டரு இருக்குல்லா? அத ஏத்திக் காட்டு. முள்ளு நிக்குதான்னு பாக்கதுதானே. கேஸுல என்ன சாதி பாக்க?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இப்படிச் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய ஏசி ஒன்றின் குழாயில் ஆக்ஸிஜன் ஹோஸை மாட்டிவிட்டு மேடத்தைக் கூப்பிட்டேன்.

வந்து பார்த்தவர் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டவில்லை. நேராகச் சிலிண்டரிடம் போய் வால்வை இறுக்கி மூடினார். சாவியைக் கழற்றித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"உள்ள கம்ப்ரஸர் ஆயில் இருக்கு அண்ணா. ஆக்ஸிஜன் பிரஷர்ல ஆயில் பட்டா நெருப்பே வேணாம், தானா வெடிக்கும். நீங்க, நானு, அந்தப் பையன், கோயி நஹீ பசேகா, ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம்."

நான் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தேன். "எத்தனையோ பேரு செய்றாங்க. யாரு செத்துட்டா?" என்று கத்தினேன். "ஒரு கையெழுத்து. உங்களுக்கு அது ஒரு கோடு, எனக்கு வாழ்க்க மேடம். வயசு போச்சுன்னா போச்சு. உங்களுக்கு அது புரியாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, பார்க்க எனக்குத் தைரியமில்லை. "புரியுது. ஆனா நான் பார்க்காதத பார்த்தேன்னு எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சிலிண்டர் சாவி அன்று முழுக்க அவர் பாக்கெட்டில்தான் இருந்தது.

முதலாளி என் பக்கம். ஆனால் போர்ட்டலில் சூப்பர்வைசர் என்று பதிவாகியிருப்பது மேடத்தின் பெயர். அவர் கையெழுத்து இல்லாமல் முதலாளியால் ஒன்றும் செய்ய முடியாது. அன்று சாயங்காலம் ஹட் பேயிலிருந்த என் மனைவிக்குப் போன் செய்து கொட்டித் தீர்த்தேன். அவள் ஹட் பே கப்பல் ஜெட்டி பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். என் கோபத்துக்கெல்லாம் அசையாதவள். எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவள், எல்லாவற்றையும் பார்த்தாயிற்று என்பது மாதிரிப் பேசுவாள்.

"ஏங்க, அந்த நைட்ரஜன் சிலிண்டரு என்ன கலரு?"

"சாம்பல் கலரு. கழுத்து மட்டும் கறுப்பு. ஏன், கடையில வச்சு வியாபாரம் பண்ணப்போறியா?"

"இங்க மீன் கோல்டு ஸ்டோரேஜு கட்றாங்கல்ல, அங்க நாலு நிக்குது. சாம்பலு, கழுத்து கறுப்பு. அந்த ஆளுங்கதான் தெனம் எங்கிட்ட சாப்புட்றாங்க. ஒங்களுக்கு வேணும்னா கேட்டுச் சொல்றேன்."

மெயின்லேண்ட் கம்பெனி ஒன்று தன் சொந்தச் சரக்குப் படகில் தளவாடமெல்லாம் ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. அதோடு சிலிண்டரும் வந்திருக்கிறது. கேஸ் சிலிண்டரைப் பயணிகள் கப்பலில் ஏற்ற விட மாட்டார்கள், ஆகவே அதை இங்கே கொண்டுவர வழியில்லை. ஆனால் நான் அங்கே போகலாமே! அவர்களிடம் குழாய் பற்றவைக்க ஆள் பற்றாக்குறை என்பதையும் என் மனைவி சாப்பாடு பரிமாறும்போதே விசாரித்து வைத்திருந்தாள். முதலாளி போனில் பேசி, அங்கே ஒரு சின்னக் குளிர் அறையின் குழாய் வேலையை எங்கள் ஒர்க்‌ஷாப் செய்து தருவதாக முடித்தார். என்னை அனுப்ப அவருக்குச் சம்மதம். மேடத்தை அனுப்பச் சம்மதமில்லை.

"அந்தப் பிள்ளைக்கு இங்க தலைக்கு மேல வேல கெடக்கு. மீட்டர போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்பு. பாத்துட்டு போடட்டும்" என்றார்.

மேடம் எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "போட்டோல முள்ளு எப்பவும் நின்னுக்கிட்டுத்தான் சார் இருக்கும்" என்றார். அவ்வளவுதான். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தனக்கு லீவு வேண்டும் என்று எழுதி முதலாளியின் மேஜையில் வைத்தார். நான் கத்திய கத்தலுக்கு அவர் என்னிடம் பேசாமல் இருந்திருந்தாலே நியாயம். எனக்காகச் சொந்த லீவில் கடல் தாண்டி வருகிறார் என்றால் என்ன சொல்வது?

கப்பலில் கடல் கொஞ்சம் குலுக்கியது. தீவில் பிறந்தவர், ஆனால் மேடத்துக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளவில்லை. வழி முழுக்க வாந்தி. நான் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொடுத்தேன். ஒரு சமயம் கொஞ்சம் தெளிந்து உட்கார்ந்தபோது அவராகவே சொன்னார்.

"என் புக்குல எல்லா வரியிலயும் சைன் இருந்துச்சு அண்ணா. எங்க சார் ஒரே நாள்ல போட்டுக் குடுத்தாரு. நான் ரொம்ப குஷி. அப்புறம் முதல் வேலைக்கு ஒரு ஐஸ் ஃபேக்டரிக்கு அனுப்புனாங்க. மெஷின் முன்னாடி நின்னேன், ஒண்ணுமே தெரியல. எல்லாரும் என்னையே பாக்குறாங்க. பாத்ரூமுக்குள்ள போய் அழுதேன். சர்டிபிகேட் பையிலதான் இருந்துச்சு."

வேறு விளக்கம் எதுவும் தரவில்லை. அன்று ஒர்க்‌ஷாப்பில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அண்ணா, இன்னொரு எலுமிச்சம்பழம் இருக்கா?" என்றார்.

ஹட் பேயில் என் மனைவி அவரை வீட்டில் தங்கவைத்துக்கொண்டாள். மறுநாள் காலை வேலையை ஆரம்பித்தேன். குழாய்களை வெட்டி, விளிம்பைச் சீர்செய்து, பொருத்தி, உள்ளே கரி பிடிக்காமல் நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டபடி ஒவ்வொரு ஜாயிண்டாகப் பற்றவைத்தேன். மேடம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மெயின்லேண்ட் ஆட்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் பந்தா வந்துவிட்டது. வேகமாகச் செய்தேன். நம் வேகத்தைப் பார்க்கட்டுமே என்றிருந்தது.

பிறகு சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டி அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினேன். முதலில் கொஞ்சம், நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டேன். இன்னும் கொஞ்சம், நுரை போட்டுப் பார்த்தேன். கடைசியில் முந்நூறு பவுண்டு. வால்வை மூடி, சிலிண்டரைக் கழற்றி, நேரத்தையும் மீட்டர் காட்டியதையும் அறையின் வெப்பநிலையையும் எழுதிக்கொண்டேன். மேடம் எல்லாவற்றையும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் போர்ட் பிளேர் திரும்பும் கப்பல். அதற்கு முன் பார்த்துக் கையெழுத்து வாங்கிவிடலாம், கணக்கு கச்சிதம்.

மறுநாள் காலை முள் இருநூற்று எழுபதில் நின்றது.

உடனே வாயில் தயாராக ஒரு பதில் வந்தது. "ராத்திரி மழ மேடம். குளுந்துடுச்சு. குளுந்தா பிரஷர் எறங்கும்ல?"

"எறங்கும்" என்றார். "எவ்ளோ எறங்கும்?"

அதுதான் அவருடைய ஒற்றைக் கேள்வி. தெர்மாமீட்டரைப் பார்த்தேன். முந்திய நாளைவிட ஆறு டிகிரி குறைவு. தரையில் உட்கார்ந்து சாக்பீஸால் கணக்குப் போட்டேன். அந்தக் குளிருக்கு ஆறேழு பவுண்டு இறங்கலாம். முப்பது இறங்கியிருந்தது. கணக்கு என் கையாலேயே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

நுரையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜாயிண்டாகப் போனேன். எதிலும் குமிழி இல்லை. கடைசியாகச் சுவரோடு ஒட்டியிருந்த ஜாயிண்டின் பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு சின்னக் கண்ணாடியை நீட்டிப் பார்த்தேன். முன்பக்கம் பளபளவென்று இருந்தது. பின்பக்கம் பற்றவைத்த உலோகம் உருகி முழுதாக ஓடிச் சேரவில்லை. அங்கே நுரை பொங்கிப் பொங்கி வந்தது. கண்ணாடி வைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பல வருட அனுபவம் கண்ணாடி எதற்கு என்று சொல்லிவிட்டது.

அழுத்தத்தை முழுக்க இறக்கி, அந்த ஜாயிண்டைக் கழற்றிச் சுத்தம்செய்து மறுபடி பற்றவைத்தேன். இந்த முறை யார் பார்க்கிறார்கள் என்பதே நினைவில் இல்லை. சுடரைக் குழாயைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்பக்கத்தையும் சூடாக்கினேன். கண்ணாடியில் பார்த்தேன், முழு வளையமும் நிறைந்திருந்தது. மறுபடி முந்நூறு ஏற்றினேன். அது நிற்கிறதா என்று தெரிய இன்னொரு முழு நாள் வேண்டும். கப்பலுக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. அடுத்த கப்பல் எப்போது என்று அந்த வானிலையில் யாரும் உறுதி சொல்லவில்லை.

"நீங்க கெளம்புங்க மேடம்" என்றேன். "எனக்கு அவ்வளவுதான் கொடுப்பின. ஒங்களுக்கு அங்க வேல போயிடப்போவுது."

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அவர் மேல் ஒரு துளிக் கோபமும் இல்லை. முள்ளைப் பார்த்தவன் நான், கசிந்தது என் ஜாயிண்ட். மேடம் ஜெட்டி இருந்த திசையை ஒருமுறை பார்த்தார். பிறகு போனை எடுத்து முதலாளியிடம் பேசினார். அந்தப் பக்கம் முதலாளி போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "ஹாங் சார், கல் பதாதி ஹூம். நாளைக்குத் தெரியும் சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ஆட்களுக்கு டீ கொண்டுவந்திருந்த என் மனைவியைப் பார்த்து, "அக்கா, மத்தியானம் என்ன கொழம்பு?" என்று கேட்டார். கப்பல் ஊதிக்கொண்டு புறப்பட்டுப் போனது. அவர் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என் வேலையை எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். சீக்கிரம் முடித்தாய், மலிவாக முடித்தாய் என்பார்கள். ஐஸ் பிடித்தால் சரி, மின்விசிறி சுற்றினால் சரி. ஒருவர் நின்று, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, கெட்டுப்போன இடத்தையும் சேர்த்து, என் வேலையை முழுதாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்காகக் கப்பலையும் விட்டுவிட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குப் பெருமையாகவும் கூச்சமாகவும் இருந்தது.

மறுநாள் வெயில் அடித்தது. முள் முந்நூற்றை விட்டு நகரவில்லை. வெப்பநிலையும் ஏற்றிய நேரத்தில் இருந்ததுதான். மேடம் மீட்டரைப் பார்த்தார், தெர்மாமீட்டரைப் பார்த்தார், கண்ணாடியை வாங்கி ஜாயிண்டின் பின்பக்கத்தையும் பார்த்தார். நான் புத்தகத்தை நீட்டினேன். வாங்கினார், ஆனால் பேனாவைத் திறக்கவில்லை.

"நேத்து பக்கம் எழுதலயே அண்ணா?"

"அது ஃபெயில் ஆனதுல்ல மேடம். இன்னிக்கு நின்னதத்தான எழுதணும்?"

"அதையும் எழுதுங்க."

எனக்குப் பழைய கோபம் எட்டிப்பார்த்தது. தேர்வுக்கு வருகிறவர் இந்தப் புத்தகத்தைப் புரட்டுவார். என் தப்பை நானே எழுதி அவர் கையில் கொடுப்பதா? ஆனால் அந்த இரண்டு நாட்களுக்குப் பிறகு அவரிடம் என்னவென்று மல்லுக்கு நிற்பது? எழுதினேன். முள் எவ்வளவு இறங்கியது, குளிருக்கு எவ்வளவு இறங்கலாம், கசிவு எங்கே இருந்தது, ஏன் முதலில் தெரியவில்லை, எப்படிச் சரிசெய்தேன், எல்லாம். பக்கம் போதவில்லை, ஓரத்திலும் எழுதினேன். மேடம் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்து அன்றைய பக்கத்தில் போட்டார். பிறகு பின்பாதிக்குப் புரட்டி, அந்த ஒற்றை வரிக்கு எதிரே, மூன்றாவது கட்டத்தில் போட்டார். அதைப் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினோம். கடைசித் தேதி தாண்டுவதற்குள் போர்ட்டலில் ஏறிவிட்டது. மேடத்துக்குக் கப்பல் கிடைக்க மேலும் இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை என் மனைவியோடு சேர்ந்து கடையில் வெங்காயம் உரித்தார்.

செய்முறைத் தேர்வுக்கு வந்த அதிகாரி அதிகம் பேசாத மனிதர். எங்கள் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். எனக்கு முன்னால் போனவர்களின் புத்தகங்களெல்லாம் அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒரே மாதிரிக் கையெழுத்தில், கோயில் கோலம் மாதிரி இருந்தன. என்னுடையது எண்ணெய்க் கறையும் கோழிக் கிறுக்கலுமாக இருந்தது. வேகமாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் ஹட் பே பக்கத்தில் நின்றுவிட்டார். ஓரத்தில் எழுதியதைப் படிக்கப் புத்தகத்தைக் குறுக்கே திருப்பினார். எனக்கு வேர்த்தது.

"இது உன் ஜாயிண்ட்டா?" என்று இந்தியில் கேட்டார்.

"ஆமா சார்."

"மழை பெய்ததால் இறங்கியது என்று ஏன் விட்டுவிடவில்லை?"

சொன்னேன். சாக்பீஸ் கணக்கைச் சொன்னேன், கண்ணாடியைச் சொன்னேன், பின்பக்கம் உலோகம் ஏன் ஓடவில்லை என்பதைச் சொன்னேன். அவர் மேலும் கேட்டார், மேலும் சொன்னேன். எத்தனை கேள்வி என்று எண்ணவில்லை, எல்லாமே அந்த ஒரு பக்கத்திலிருந்துதான் வந்தன. கடைசியில் பக்கத்தில் இருந்தவரிடம், இத்தனை புத்தகத்தில் இந்த ஒருவருக்குத்தான் வேலை கெட்டிருக்கிறது, ஆகவே இவர் வேலை செய்திருக்கிறார் என்றார்.

முடிவு வந்த அன்று நான் ஹட் பேயில் இருந்தேன். விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் மிச்சமிருந்தது. முதல் வேலையாக மேடத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுத்து "சொல்லுங்க அண்ணா" என்றார். பாஸ் என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வரவில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அந்தப் பக்கம் அவர் பயந்துபோய், "அண்ணா? அண்ணா, க்யா ஹுவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கரண்டியோடு வந்த என் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா, பாஸாயிட்டாரு. அழுவுறாரு. நீ சாப்ட்டியா?"